கைமாறி வந்த டெக்: முதல் வரி கடைசியில் திரும்பி வர வேண்டும், எப்படி?

வாரிசுடெக் | மார்ச் 3, இரவு 9.40

வேறு பிரிவுக்குப் போய்விட்ட ஒருவரின் டெக் என் தலையில் விழுந்திருக்கிறது. 27 ஸ்லைடு, 20 நிமிடம், அடுத்த வாரம் மேலாளர்கள் முன்னால் நான் பேச வேண்டும். விஷயம் இதுதான்: வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் பொருட்கள் கிடங்குக்கு வந்து, சரிபார்த்து, மறுபடி விற்பனைக்குப் போக ரொம்ப நாள் ஆகிறது. அதைக் குறைக்க ஒரு ஆள் வேண்டும் என்று கேட்கும் டெக்.

நடுவில் இருப்பதெல்லாம் உருப்படியான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் ஸ்லைடு "ரிட்டர்ன்ஸ் செயல்முறை மேம்பாடு: ஒரு கண்ணோட்டம்". கடைசி ஸ்லைடு "நன்றி. கேள்விகள்?" இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

என் கட்சி இது: அடுத்தவர் செய்த டெக்கில் நாம் நம் குரலில் எழுத முடிகிற இடம் இந்த இரண்டு முனைகள்தான். முதலில் நல்லதாக ஒரு ஹூக் எழுதிவிட்டால், அதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கடைசி வரியாக்கிவிடலாம். சரிதானே? ஹூக்குக்கு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

மின்னல்வரி | மார்ச் 3, இரவு 10.05

ரொம்பச் சரி. கடைசியில் சொன்னதுதான் நினைவில் நிற்கும், இதை உளவியலாளர் கானமன் ஆராய்ச்சி செய்தே நிரூபித்துவிட்டார். முதல் வரியை வார்த்தை மாறாமல் கடைசியில் சொல்லுங்கள். அந்தாதி மாதிரி. நான் எல்லா பிரசன்டேஷனிலும் அப்படித்தான் செய்கிறேன், கைதட்டல் நிச்சயம்.

ஹூக்: "தாமதம் என்பது ஒரு நோய்." கடைசி: "தாமதம் என்பது ஒரு நோய். மருந்து உங்கள் கையில்."

பழம்பேப்பர் | மார்ச் 4, காலை 7.15

தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஹூக்கிலிருந்து தொடங்காதீர்கள். கடைசி வரியை முதலில் எழுதுங்கள்.

காரணம் இருக்கிறது. நீங்களே செய்த டெக் என்றால் எதற்காகச் செய்தோம் என்பது மனதில் இருக்கும், ஹூக் தானாக அதை நோக்கிப் போகும். கைமாறி வந்த டெக்கில் அந்த நோக்கம் பழையவரோடு போய்விட்டது. டெக் எதைக் கேட்கிறது என்று தெரியாமல் எழுதும் ஹூக் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கும். பிறகு கடைசி வரியை அதோடு ஒட்ட வைக்க, கேட்க வேண்டியதைக் கேட்காமல் வேறு எதையோ கேட்டு முடிப்பீர்கள்.

முதலில் ஸ்லைடுகளைப் பார்க்காமல் தலைப்புகளை மட்டும் படியுங்கள். பவர்பாயிண்டில் Outline View போட்டால் இடது பக்கப் பட்டையில் படங்கள் இல்லாமல் எழுத்து மட்டும் நிற்கும். படித்து முடித்ததும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: இதைக் கேட்டவர் எழுந்து போய் என்ன செய்ய வேண்டும்? அந்த வாக்கியம் வரவில்லை என்றால் பழையவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் வேறு பிரிவுக்குத்தானே போயிருக்கிறார்.

மின்னல்வரி, "தாமதம் ஒரு நோய்" என்பதை எந்த டெக்கின் முன்னாலும் ஒட்டலாம். அதுதான் அதன் கோளாறு.

மின்னல்வரி | மார்ச் 4, காலை 8.02

அண்ணே, எங்கேயும் ஒட்டும் என்றால் அது பலம்தானே!

சனிக்கிழமை | மார்ச் 4, காலை 11.30

எனக்கும் இதே பிரச்சினை. நன்றி ஸ்லைடில் படம் போடலாமா, வெறும் லோகோ போதுமா? எங்கள் டெம்ப்ளேட்டில் கடைசி ஸ்லைடு நீல நிறம், முதல் ஸ்லைடு வெள்ளை. இரண்டையும் ஒரே நிறமாக்கினால் தொடக்கமும் முடிவும் பொருந்துமா?

பழம்பேப்பர் | மார்ச் 4, மதியம் 1.10

நிறம் பொருந்தும். பேச்சு பொருந்தாது. இங்கே கேட்பது வேறு கேள்வி, சனிக்கிழமை.

வாரிசுடெக் | மார்ச் 4, இரவு 10.20

சொன்னபடி செய்தேன். தலைப்புகளை மட்டும் படித்ததில் ஒன்று தெரிந்தது: 27 தலைப்பில் பாதிக்கு மேல் பெயர்ச்சொல்தான். "தற்போதைய நிலை", "தரவு", "தடைகள்". எது வாதம், எது அலங்காரம் என்று தலைப்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஸ்லைடை ஒவ்வொன்றாகத் திறந்து, பக்கத்தில் ஒரு தாளில் "இது என்ன சொல்கிறது" என்று ஒரு வரி எழுதிக்கொண்டே போனேன்.

மறைத்து வைத்த ஸ்லைடுகளும் மூன்று இருந்தன, Hide Slide போட்டு. அதில் ஒன்றில்தான் தங்கம். கிடங்கு அலமாரியின் படம். பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, ஒவ்வொன்றின் டேப் மேலும் வந்த தேதி கறுப்பு மார்க்கரில். பழையவர் ஏன் மறைத்தார் என்று தெரியவில்லை.

கேட்க வேண்டியது இதுதான் என்று எழுதி வைத்திருக்கிறேன்: "திரும்பி வந்த பொருளைச் சரிபார்க்கும் மேசைக்குத் தனியாக ஒரு ஆளை ஒதுக்குங்கள்." இப்போது அந்த மேசை வாரத்தில் இரண்டு நாள்தான் இயங்குகிறது. மற்ற நாட்களில் அதே ஆட்கள் புதுச் சரக்கு இறக்கப் போய்விடுகிறார்கள்.

ஹூக்குக்கு இரண்டு எண்கள் கண்ணில் பட்டன (இங்கே எண்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்). 17ஆம் ஸ்லைடு: ஒரு பொருளைச் சரிபார்க்கக் கைவேலை 6 நிமிடம், நேரம் பிடித்து எடுத்தது. 9ஆம் ஸ்லைடு: பொருள் உள்ளே வந்து மறுபடி அலமாரி ஏற 14 நாள். ஆறு நிமிட வேலைக்குப் பதினான்கு நாள்! இதற்கு மேல் ஹூக் வேண்டுமா?

அப்படியே கடைசி வரியும் வந்துவிட்டது: "ஆறு நிமிட வேலைக்கு ஆறு நிமிடம் போதும்."

மின்னல்வரி | மார்ச் 4, இரவு 10.31

அட்டகாசம். போட்டோவை முழுத்திரையில் போட்டு இந்த வரியைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 5, காலை 6.50

14 எங்கிருந்து வந்தது?

வாரிசுடெக் | மார்ச் 5, காலை 9.15

9ஆம் ஸ்லைடில் சார்ட் இருக்கிறது. கீழே மூலம் எதுவும் எழுதவில்லை.

கணக்குப்பிள்ளை | மார்ச் 5, காலை 9.40

அப்படியானால் இப்போதைக்கு அது எண் இல்லை, வதந்தி. நடு ஸ்லைடில் மூலம் இல்லாத எண் இருந்தால் யாரும் கவனிக்காமல் போகலாம். அதையே தூக்கி முதல் வாக்கியத்தில் வைத்தால், அறையில் இருக்கிற முதல் சந்தேகப் பேர்வழி "இது எப்படிக் கணக்கிட்டது?" என்று கேட்பார். அப்போது "எனக்கு முன்னால் இருந்தவர் போட்டது" என்று சொல்வீர்களா? அதற்கப்புறம் மீதி 26 ஸ்லைடும் போச்சு.

சார்ட்டைத் தேர்ந்தெடுத்து Edit Data கொடுங்கள். ஷீட் உள்ளேயே இருந்தால் திறக்கும். வெளிக் கோப்போடு இணைப்பு என்றால் எந்தக் கோப்பு என்றாவது தெரியும்.

வாரிசுடெக் | மார்ச் 5, இரவு 11.05

திறந்தது. நல்ல வேளை கேட்டீர்கள்.

ஷீட்டில் 200 வரிசைகள். அதில் 30 பொருட்கள் அலமாரிக்கே போகாதவை. பழுதென்று தயாரிப்பாளருக்கு அனுப்பி, அவர் ஏற்கிறாரா இல்லையா என்று கடிதப் போக்குவரத்து நடந்தவை. அவை சராசரியாக 42 நாள். மீதி 170 பொருட்களின் சராசரி 9 நாள். எல்லாவற்றையும் கலந்தால் 14 வருகிறது.

நாம் கேட்கும் ஆள் வந்தாலும் அந்த 30 பொருட்கள் ஒரு நாள்கூட முன்னால் நகராது. ஆக, நம் வாதத்துக்குரிய எண் 9தான். "ஆறு நிமிட வேலை, ஒன்பது நாள்." 14 அளவுக்கு அடிக்கவில்லை என்று மனம் கொஞ்சம் சுணங்குகிறது.

கணக்குப்பிள்ளை | மார்ச் 6, காலை 6.45

சுணங்க வேண்டாம். ஆறு நிமிடத்துக்கு எதிரில் ஒன்பது நாளும் பதினான்கு நாளும் கேட்பவர் காதில் ஒரே தூரம்தான். 9ஐ யாரும் பிடித்துக் குலுக்க முடியாது.

பழம்பேப்பர் | மார்ச் 6, காலை 7.30

இப்போது கடைசி வரிக்கு வருவோம். "ஆறு நிமிட வேலைக்கு ஆறு நிமிடம் போதும்." காதுக்கு இனிமை. உண்மையா?

உங்கள் டெக்கில் புது ஏற்பாட்டுக்குப் பின் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறது?

வாரிசுடெக் | மார்ச் 6, காலை 10.00

22ஆம் ஸ்லைடில் 3 நாள் என்று இருக்கிறது. பதிவு செய்வது, வாடிக்கையாளருக்குப் பணம் திருப்ப ஒப்புதல், அலமாரி ஏற்றுவது, இதெல்லாம் சேர்ந்து மூன்று நாள் எப்படியும் ஆகும்.

பழம்பேப்பர் | மார்ச் 6, மதியம் 12.50

அதுதான் பார்த்தேன். நீங்கள் மூன்று நாள் தருகிறேன் என்கிறீர்கள், உங்கள் கடைசி வரி ஆறு நிமிடம் தருகிறேன் என்கிறது. எதிரொலிக்கு ஆசைப்பட்டு டெக் செய்யாத வாக்குறுதியைச் செய்துவிட்டீர்கள். இந்த மாதிரி வரிகளில் இது அடிக்கடி நடப்பது. முதல் வரியின் ஓசை கடைசி வரியை இழுத்துக்கொண்டு போகும், உண்மை பின்னாலேயே ஓடி வரும்.

என்னிடம் டெக் திருத்தக் கொண்டுவருபவர்களுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. கடைசி வரியை எடுத்து முதலில் சொல்லிப் பாருங்கள், டெக்கைப் பார்க்காத ஒருவரிடம். அவருக்கு அது முழுசாகப் புரிந்து, "ஆமாம், சரிதான்" என்று தலையாட்டினால் அந்த வரி தோற்றது. நடுவில் இருக்கும் 25 ஸ்லைடும் அந்த வரிக்கு எதையும் சேர்க்கவில்லை என்று பொருள். நல்ல கடைசி வரியை முன்னால் சொன்னால் கேட்பவருக்குப் பாதிதான் புரிய வேண்டும். "ஏன் அப்படி?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் டெக்கின் நடுவில் இருக்க வேண்டும்.

மின்னல்வரி சொன்ன அந்தாதியும் அதைத்தான் செய்கிறது. சொல் திரும்ப வரும்போது வேறு வாக்கியத்தில், வேறு வேலைக்கு வரும். அதே வரி அப்படியே திரும்ப வந்தால் அது பல்லவி.

மின்னல்வரி | மார்ச் 6, மதியம் 1.20

பல்லவிக்கும் கைதட்டுகிறார்களே. கானமன் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பழம்பேப்பர் | மார்ச் 6, இரவு 8.30

சொல்கிறேன். 1993இல் கானமனும் மற்ற மூவரும் செய்த சோதனை அது. கையைக் குளிர்ந்த நீரில் வைக்கச் சொன்னார்கள். ஒரு முறை 60 விநாடி. இன்னொரு முறை அதே 60 விநாடி, அதன்மேல் இன்னும் 30 விநாடி, அந்த 30இல் நீர் கொஞ்சம் சூடேறும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானவர் நீண்டதையே சொன்னார்கள், கடைசி கொஞ்சம் இதமாக இருந்ததால். அது அனுபவத்தின் வலியை எப்படி நினைவு வைக்கிறோம் என்பதைப் பற்றியது, உச்சமும் முடிவும் சேர்ந்து. கடைசி வாக்கியம் மனப்பாடமாகிவிடும் என்று அதில் எங்கும் இல்லை.

உங்களுக்குத் தேவையானது அதைவிடப் பழையது. 1966இல் கிளான்சர், கூனிட்ஸ் என்ற இருவர் சொற்பட்டியல் படித்துக் காட்டி நினைவுகூரச் சொன்னார்கள். உடனே கேட்டால் கடைசிச் சொற்கள் நன்றாக வந்தன. நடுவே 30 விநாடி எண்ணிக்கொண்டிருக்கச் சொன்ன பிறகு கேட்டால் அந்தச் சலுகை காணாமல் போனது. முதல் சொற்களுக்கு இருந்த சலுகை மட்டும் தங்கியது. சொற்பட்டியலையும் பிரசன்டேஷனையும் ஒன்றாக்க மாட்டேன். ஆனால் கடைசி வரி சொன்ன கையோடு "கேள்விகள்?" என்று கேட்டு, பத்து நிமிடம் பார்க்கிங்கையும் பட்ஜெட்டையும் பற்றிப் பேசினால் அந்த வரிக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்விகளைக் கடைசி வரிக்கு முன்னால் வாங்குங்கள். "முடிக்கும் முன் கேள்விகள்" என்று நிறுத்தி, பதில் சொல்லி, பிறகு கடைசி ஸ்லைடு.

சனிக்கிழமை | மார்ச் 6, இரவு 9.10

அப்போ நன்றி ஸ்லைடே வேண்டாமா??

பழம்பேப்பர் | மார்ச் 6, இரவு 9.14

வாயால் சொன்னால் போதும்.

வாரிசுடெக் | மார்ச் 7, காலை 8.40

எழுதிக் கிழித்ததில் நின்றது இது.

தொடக்கம், பெட்டிப் படம் திரையில்: "இந்தப் பெட்டி வந்த தேதி அதன் மேலேயே எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பதைச் சரிபார்க்க ஆறு நிமிடம். படம் எடுத்த அன்று இது காத்திருக்கத் தொடங்கி ஒன்பது நாள்."

முடிவு, அதே படம்: "இந்தப் பெட்டிக்கு வேண்டிய ஆறு நிமிடம் இன்று வாரத்தில் இரண்டு நாள்தான் கிடைக்கிறது. தினமும் கிடைக்க ஒரு ஆளைக் கேட்கிறோம்."

சோதித்தும் பார்த்தேன். கடைசி வரியை மட்டும் பக்கத்து மேசைத் தோழியிடம் சொன்னேன். "எந்தப் பெட்டி? ஏன் இரண்டு நாள்?" என்றாள். இரண்டுக்கும் பதில் டெக்கில் இருக்கிறது.

ஆறு நிமிடம் முதலில் வரும்போது திகைப்பு, கடைசியில் வரும்போது பற்றாக்குறை. எண் அதேதான். இது எனக்குப் பிடித்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை | மார்ச் 7, காலை 9.05

அந்தப் பெட்டி உண்மையிலேயே ஒன்பது நாளா? 9 என்பது சராசரி. படத்தில் இருப்பது ஒரு பெட்டி. "இந்தப் பெட்டி" என்று விரல் நீட்டினால் அந்தப் பெட்டிக்கு உண்மையாக இருக்க வேண்டும்.

வாரிசுடெக் | மார்ச் 7, மாலை 6.30

உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் கவிதை எழுத முடியாது. ஆனால் சரி.

டெக்கில் ஒட்டிய படத்தில் எடுத்த தேதி தெரியவில்லை. பழையவரிடம் மூலப் படத்தைக் கேட்டு வாங்கினேன், அதன் விவரத்தில் தேதி இருந்தது. நான் வட்டம் போட நினைத்த நடுப்பெட்டி 16 நாள். இரண்டாவது தட்டில் இடது ஓரம் ஒன்று இருக்கிறது, டேப் பாதி உரிந்து தொங்குகிறது, அதுதான் சரியாக 9 நாள். அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன்.

படத்தை ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்டேன். முன்பு இந்த டெக்கைக் கிடங்கு ஆட்களுக்கே காட்டினாராம். அவர்கள் முன்னால் அந்தப் படம் போட்டால் குற்றம் சாட்டுவது போல் இருக்கும் என்று மறைத்தாராம். பார்வையாளர் மாறியதும் படத்தின் வேலையும் மாறிவிட்டது. கேட்காமல் இருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

பழம்பேப்பர் | மார்ச் 7, இரவு 8.00

மோசமான பெட்டியை எடுக்காமல் வழக்கமான பெட்டியை எடுத்தீர்களே, அது நல்லது. 16 நாள் பெட்டியைக் காட்டியிருந்தால் "இது விதிவிலக்கு" என்று ஒருவர் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

அறையில் கிடங்கு மேலாளர் இருப்பாரா? இருந்தால் அவரிடம் முன்கூட்டியே அந்தப் படத்தைக் காட்டிவிடுங்கள். மற்றவருக்கு ஹூக், அவருக்கு அவமானம் என்று ஆகிவிடக் கூடாது.

குறுக்குக்கேள்வி | மார்ச் 8, காலை 10.15

புதிதாக வந்தவன். என் நிலைமை வேறு. டெக்கை எனக்குக் கொடுத்த சீனியரே முதல் வரிசையில் உட்காருவார். அவருக்குத் தன் தொடக்கம் ரொம்பப் பிடிக்கும், ஒரு பொன்மொழியோடு ஆரம்பிப்பார். நான் எடுத்துவிட்டால் முகம் சுருங்கும். என்ன செய்வது?

வாரிசுடெக் | மார்ச் 8, மாலை 5.50

முதல் ஸ்லைடைத் தொடாதீர்கள். திரையில் அவருடைய பொன்மொழி இருக்கட்டும், ஆனால் அதைப் படிக்காமல் உங்கள் வரியைச் சொல்லுங்கள்.

பழம்பேப்பர் | மார்ச் 8, இரவு 7.20

அதில் எனக்கு உடன்பாடு இல்லை. திரையில் ஒன்று, வாயில் ஒன்று என்றால் மக்கள் திரையைத்தான் படிப்பார்கள், உங்கள் முதல் வரி காற்றில் போகும். B விசையை அழுத்தித் திரையைக் கறுப்பாக்கிவிட்டு உங்கள் வரியைச் சொல்லுங்கள், மறுபடி அழுத்தினால் ஸ்லைடு வரும். இல்லையென்றால் நேராகச் சீனியரிடமே போய், "சார், உங்கள் பொன்மொழியைக் கடைசியில் எப்படித் திரும்பக் கொண்டுவருவது?" என்று கேளுங்கள். யோசிக்க ஆரம்பித்தால் அவரே மாற்றுவார். மாற்றாமலும் போகலாம், சில சீனியர்களை எனக்குத் தெரியும்.

மின்னல்வரி | மார்ச் 8, இரவு 7.45

பொன்மொழியைப் பழிக்காதீர்கள். நானும் ஒரு பொன்மொழியில்தான் வாழ்கிறேன்.

சனிக்கிழமை | மார்ச் 9, காலை 7.00

எங்கள் டெக் பேசுவதற்கே இல்லை, மின்னஞ்சலில் போகும். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

பழம்பேப்பர் | மார்ச் 9, காலை 9.30

கொஞ்சம்தான். படிப்பவர் கடைசி ஸ்லைடுக்கு முதலில் தாவுவார், நடுவில் நிறுத்துவார். கேட்பவரைப் போல வரிசையில் உட்கார வைக்க முடியாது. அதனால் என் சோதனை அங்கே எதிராகத் திரும்பும்: கடைசி ஸ்லைடு தனியாகப் படித்தாலும் புரிய வேண்டும். கோரிக்கையை முதல் ஸ்லைடிலேயே வைத்துவிடுங்கள். எதிரொலி இருந்தால் அழகு, இல்லாவிட்டால் குடி முழுகாது.

வாரிசுடெக் | மார்ச் 10, இரவு 10.10

புதுத் தலைவலி. நேரத்தை 20இலிருந்து 8 நிமிடமாகக் குறைத்துவிட்டார்கள்.

வெட்ட உட்கார்ந்ததும் புரிந்தது, என் கடைசி வரி எல்லா ஸ்லைடு மேலும் நிற்கவில்லை. "ஆறு நிமிடம்" 17ஆம் ஸ்லைடில் நிற்கிறது. "ஒன்பது நாள்" 9ஆம் ஸ்லைடில். "வாரத்தில் இரண்டு நாள்" 13ஆம் ஸ்லைடில். "ஒரு ஆள்" 22இல், செலவோடும் அந்த மூன்று நாள் கணக்கோடும். இந்த நான்கும் தூண்கள். இவை போனால் கடைசி வரி அந்தரத்தில் தொங்கும். மற்றதையெல்லாம் முடிவு ஸ்லைடுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன், கேட்டால் காட்ட.

முதல் வெட்டில் 13ஐத் தூக்கியிருந்தேன், "எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்று. ஒத்திகையில் கடைசி வரி வந்ததும் தோழி மறுபடி "ஏன் இரண்டு நாள்?" என்றாள். 13 திரும்ப உள்ளே வந்தது.

9ஆம் ஸ்லைடு சார்ட்டையும் 170 பொருட்களுக்கு மட்டும் மாற்றி, கீழே மூலம் எழுதி, அந்த 30 பொருட்கள் ஏன் இல்லை என்று ஒரு வரி சேர்த்தேன். நடுவில் கைவைத்த ஒரே இடம் அது. பழையவரிடம் சொல்லிவிட்டுத்தான்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 11, காலை 6.40

👍 இரண்டாவதாகச் சுருக்கப் பட்டியல் ஸ்லைடு ஏதாவது இருந்ததா? இருந்தால் அதை எடுத்துவிட்டீர்களா?

வாரிசுடெக் | மார்ச் 11, காலை 8.15

எடுத்துவிட்டேன். ஹூக் சொன்ன கையோடு "இன்று நாம் பார்க்கப்போவது" என்று வந்தால் பலூனில் காற்றுப் போன மாதிரி இருந்தது.

வாரிசுடெக் | மார்ச் 12, இரவு 9.00

பேசி முடித்தாயிற்று. நினைத்தபடி எல்லாம் நடக்கவில்லை.

தொடக்கம் நன்றாகப் போனது. "ஒன்பது நாள்" என்றதும் நிதிப் பிரிவிலிருந்து வந்தவர் "பழுதானதும் சேர்த்தா?" என்று உடனே கேட்டார். பதில் கையில் இருந்தது. கணக்குப்பிள்ளைக்கு ஒரு கும்பிடு.

ஆனால் கேள்வி நேரம் நான் நிறுத்திய இடத்தில் நிற்கவில்லை. 13ஆம் ஸ்லைடிலேயே விவாதம் பிடித்துக்கொண்டது, புதுச் சரக்கு இறக்குபவர்கள் குறைந்தால் அங்கே யார் என்று. பின்னால் தள்ளியிருந்த ஒரு ஸ்லைடுக்குப் போக வேண்டி வந்தது. எண்ணை அடித்து Enter தட்டிப் போய், அதே மாதிரி திரும்பி வந்தேன். 22ஐ அரை நிமிடத்தில் ஓட்டினேன். முடிவு ஸ்லைடுக்கு வரும்போது ஒருவர் ஏற்கெனவே லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தார். கடைசி வரியைச் சொன்னேன். அவர் மூடுவதை நிறுத்திப் படத்தைப் பார்த்தார், அது மட்டும் உண்மை. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. புதுச் சரக்குப் பக்கத்துக் கணக்கையும் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

மின்னல்வரி | மார்ச் 12, இரவு 9.12

கைதட்டினார்களா?

வாரிசுடெக் | மார்ச் 12, இரவு 9.15

இல்லை.

பழம்பேப்பர் | மார்ச் 13, காலை 7.10

ஒன்று கேட்க வேண்டும். முடிவில் அதே படத்தை அப்படியே போட்டீர்களா? நானாக இருந்தால் அந்தப் பெட்டி இல்லாத காலித் தட்டைப் போட்டிருப்பேன். படமும் மாறியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 13, காலை 7.25

காலித் தட்டு இன்னும் நடக்காத ஒன்று. கேட்டுக்கொண்டிருக்கும்போதே கிடைத்துவிட்டதாகக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

பழம்பேப்பர் | மார்ச் 13, காலை 7.40

கேட்பது கிடைத்தால் எப்படி இருக்கும் என்று காட்டுவதில் என்ன பொய்? 22ஆம் ஸ்லைடில் "3 நாள்" என்பதும் நடக்காததுதான்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 13, காலை 7.52

அங்கே மதிப்பீடு என்று எழுதியிருக்கிறது. படத்தில் அப்படி எழுத முடியாது.

வாரிசுடெக் | மார்ச் 13, மாலை 6.00

நான் அதே படத்தைத்தான் போட்டேன். அடுத்த கூட்டத்துக்கு வேறு வழியில்லை, தொடக்கத்தையும் மாற்றியாக வேண்டும்: அவர்கள் ஒன்பது நாள் கதையைக் கேட்டுவிட்டார்கள், இரண்டாம் முறை அது திகைப்பைத் தராது. புதுச் சரக்குக் கணக்கு வந்ததும் அதிலிருந்து கடைசி வரியை முதலில் எழுதிவிட்டு வருகிறேன். அந்தப் பக்கத்தில் மூலத்தோடு எண் இருந்தால் நல்லது, ஷீட்டை இன்னும் யாரும் எனக்கு அனுப்பவில்லை.

சனிக்கிழமை | மார்ச் 13, இரவு 8.20

எண்ணை அடித்து Enter தட்டினால் ஸ்லைடுக்குப் போகும் என்றீர்களே, மறைத்து வைத்த ஸ்லைடுக்கும் போகுமா?

வாரிசுடெக் | மார்ச் 13, இரவு 8.31

போகும். அதன் எண் இடது பக்கப் பட்டையில் குறுக்குக் கோட்டோடு இருக்கும், முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.